ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது: பாடம், தரம், தொடங்கும் நாள்

மட்டக்களப்பில் ஒரு தனியார் பாடசாலையில் நேரசூசி போடுவது என் பொறுப்பு. ஆசிரியர் விண்ணப்பங்கள் அதிபரிடம் போவதற்கு முன் என் மேசைக்கு வரும். அவற்றை வாசிக்கும்போது பக்கத்தில் நேரசூசியும் விரித்தபடி கிடக்கும். வெறுமையாகக் கிடக்கும் கட்டங்களை இவரால் நிரப்ப முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பேன். பட்டமும் சான்றிதழும் அதற்குப் பிறகுதான்.

ஒருமுறை தவணை நடுவில் எங்கள் விஞ்ஞான ஆசிரியை வேறு ஊருக்கு மாறிப் போனார். தரம் 8இல் இரண்டு பிரிவு, தரம் 10இல் இரண்டு பிரிவு. பிரிவுக்கு வாரம் ஆறு பாடவேளை என்று மொத்தம் 24 பாடவேளைக்கு ஆளில்லை. களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு பட்டதாரிப் பிள்ளையின் விண்ணப்பம் வந்தது. அதில் இப்படி எழுதியிருந்தார்: “விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம் ஆகிய பாடங்களை தரம் 6 முதல் 13 வரை கற்பிக்க முடியும். மூன்று வருட அனுபவம் உண்டு. உடனடியாகக் கடமையேற்கத் தயார்.”

நல்ல பிள்ளை. ஆனால் அந்த மூன்று வசனங்களிலும் ஒவ்வொரு தவறு இருந்தது.

பாடப் பட்டியலை நீட்டினால் வாய்ப்புக் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நான்கு பாடம் எழுதியவரின் பலம் எதில் என்று எனக்குத் தெரியாது. ஒரு பாடம் எழுதியவரைப் பற்றி அந்தச் சந்தேகமே வராது. அதோடு, சாதாரண தர விஞ்ஞானம் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் கலந்தது. நேர்முகத்தில் நான் கேட்டேன்: “தங்கச்சி, ஓமின் விதியைத் தரம் 10 பிள்ளைகளுக்கு எப்படித் தொடங்குவீங்க? பத்து நிமிசம் எடுத்துக் காட்டுங்க.” தடுமாறிப்போனார். “மிஸ், நான் உயர்தரத்தில் பௌதிகவியலுக்குப் பதிலா விவசாயம் எடுத்தனான்” என்றார். அதில் குறையொன்றும் இல்லை. “உயிரியல், இரசாயனப் பகுதிகளில் பலம், பௌதிகப் பகுதியைத் தரம் 9 வரை கற்பித்திருக்கிறேன்” என்று முதலிலேயே எழுதியிருந்தால் கேள்வியே வேறாக இருந்திருக்கும். மொழிமூலத்தையும் பாடத்தோடு சேர்த்து எழுதுங்கள். தமிழ் மொழிமூலமா, ஆங்கில மொழிமூலமா என்று தெரியாமல் நான் ஒருவரை எந்தப் பிரிவுக்கும் போட முடியாது.

அடுத்தது அனுபவம். அந்த மூன்று வருடத்தில் இரண்டு வருடம் ரியூட்டரியில் தரம் 6, 7 பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு வகுப்பு. ஒரு வருடம் மட்டும் பாடசாலையில். ரியூசன் அனுபவத்தை நான் குறைவாக மதிப்பதில்லை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பாடசாலையில் பாடக்குறிப்பு எழுத வேண்டும், தவணைப் பரீட்சைத் தாள் தயாரிக்க வேண்டும், முப்பது பிள்ளைகளின் புத்தகம் திருத்த வேண்டும். ஆகவே இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்: எந்தத் தரம், எத்தனை பிள்ளைகள், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை. கையாண்ட வகுப்பையும் கற்பிக்க விரும்பும் வகுப்பையும் கலக்காதீர்கள். விண்ணப்பங்களில் நான் அதிகம் காணும் குழப்பம் இதுதான்.

எங்களுக்குப் பெரிய இடைஞ்சலைத் தந்தது “உடனடியாக” என்ற சொல். அவர் அப்போது வேறோர் இடத்தில் வேலையில் இருந்தார்; விலக ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அது தெரியவந்தபோது அடுத்த திங்களுக்கு நேரசூசி போட்டு முடித்திருந்தேன். நான்கு வாரம் வேறு ஆசிரியர்கள் மாறிமாறி அந்த வகுப்புகளில் போய் நின்றார்கள். தரம் 10 பிள்ளைகள் ஓர் அலகு பின்தங்கினார்கள். முன்னறிவித்தல் இருக்கிறதென்றால் திகதியைக் கணக்கிட்டு எழுதுங்கள். ஒரு மாதம் பொறுக்கிற பாடசாலைகள் நிறைய உண்டு. அரச நியமனத்துக்கு விண்ணப்பித்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். நம் பக்கத்துப் பட்டதாரிகள் பெரும்பாலானோர் அதற்குக் காத்திருக்கிறார்கள் என்பது அதிபருக்குத் தெரியும். அவருக்குள்ள பயம், சாதாரண தரப் பரீட்சைக்கு முன் போய்விடுவீர்களோ என்பதுதான். “நியமனம் கிடைத்தாலன்றி இந்த வருட இறுதிவரை இருப்பேன்” என்று எழுதினால் அவர் அதற்கேற்ற வகுப்பைத் தருவார்.

அந்தப் பிள்ளையை எடுத்துக்கொண்டோம், தரம் 8க்கு மட்டும். பிறகு அவரோடு உட்கார்ந்து, அந்த விண்ணப்பம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று எழுதிப் பார்த்தோம்:

“பாடம்: விஞ்ஞானம், தமிழ் மொழிமூலம். பாடசாலையில் கையாண்ட வகுப்புகள்: தரம் 8, 9 (ஒரு வருடம்). ரியூட்டரியில்: தரம் 6, 7 (இரண்டு வருடம், வார இறுதி). தரம் 10க்கு உயிரியல், இரசாயனப் பகுதிகள் எடுக்க முடியும். தற்போதைய வேலையில் ஒரு மாத முன்னறிவித்தல் உண்டு. தெரிவானால் அன்றிலிருந்து ஐந்தாவது வாரத் திங்களன்று கடமையேற்பேன். களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ்ஸில் காலை 7.15க்குப் பாடசாலைக்கு வந்துவிட முடியும்.”

பஸ் வரி அவராகச் சேர்த்தது. 7.30க்கு முதற் பாடவேளை அவருக்குப் போடலாமா என்று அதை வைத்துத்தான் தீர்மானித்தேன்.