சைட்லிங்க், கால்அவுட், ஸ்னிப்பெட்: சி.டி.ஆர். ஏறாமல் போவதற்கான தவறுகள்

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் விற்கும் ஒரு கடையின் கூகுள் விளம்பரக் கணக்கை முதல்முறை திறந்தபோது, விளம்பரத்துக்குக் கீழே தனித்தனிப் பக்கங்களுக்கு வழிவிடும் சைட்லிங்க் அதில் நான்கு இருந்தன: ‘முகப்பு’, ‘எங்களைப் பற்றி’, ‘பொருட்கள்’, ‘தொடர்பு’. வெப்சைட்டின் மெனுவை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். நான் பார்த்த கணக்குகளில் மிக அதிகமாக இருக்கும் தவறு இதுதான்.

ஒருவர் ‘2 லிட்டர் வெட் கிரைண்டர் விலை’ என்று தேடுகிறார். விளம்பரத்தின் ஹெட்லைன் அவரைப் பொதுவான ஒரு பக்கத்துக்கு அழைக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் சைட்லிங்கின் வேலை, அவர் மனதில் இருக்கும் அடுத்த கேள்விக்கு நேரடியாக வழிவிடுவது. ‘எங்களைப் பற்றி’ என்ற கேள்வி அந்த நேரத்தில் யாருக்கும் வராது. அந்தக் கடைக்கு நாங்கள் மாற்றி வைத்தவை இவை: ‘2 லிட்டர் டேபிள் டாப்’, ‘டில்டிங் கிரைண்டர்’, ‘ஹோட்டல் கிரைண்டர்’, ‘பெல்ட், கல், உதிரி பாகம்’. தேடுபவர்கள் நான்கு வகை. புதிதாக வாங்குபவர், பெரிய குடும்பத்துக்குக் கொஞ்சம் வசதியாக வேண்டும் என்பவர், மெஸ் நடத்துபவர், பழைய கிரைண்டரைச் சரிசெய்ய நினைப்பவர். ஒவ்வொருவருக்கும் ஒரு கதவு.

இதனால் சி.டி.ஆர்., அதாவது விளம்பரம் தோன்றிய முறைகளில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது என்பது, ஏறுவதற்குக் காரணம் இரண்டு. முதலாவது கண்ணுக்குத் தெரிவது: விளம்பரம் திரையில் அதிக இடம் பிடிக்கிறது, தேடியவருக்குப் பொருந்தும் சொல் அதில் எங்காவது ஒன்று இருந்துவிடுகிறது. இரண்டாவது உள்ளே நடப்பது: விளம்பரத்தின் இடத்தைத் தீர்மானிக்கும் ஆட் ரேங்க் கணக்கில், சைட்லிங்க் போன்ற, அசெட் எனப்படும் இந்தக் கூடுதல் பகுதிகளால் எவ்வளவு பயன் எதிர்பார்க்கலாம் என்பதையும் கூகுள் 2013 முதல் சேர்த்துக்கொள்கிறது. சேர்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் சைட்லிங்க் மேல் விழும் கிளிக்குக்கு, ஹெட்லைன் கிளிக்குக்கு ஆகும் அதே காசு ஆகும். அதனால் சும்மாதானே என்று கண்டதையும் வைக்கக் கூடாது. ‘வேலைவாய்ப்பு’ என்று ஒரு சைட்லிங்க் வைத்தால் சி.டி.ஆர். நிச்சயம் ஏறும், ஒரு கிரைண்டர்கூட விற்காது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்கு சைட்லிங்க்குக்கும் நான்கு தனிப் பக்கம் வேண்டும். பெயரை மட்டும் மாற்றி எல்லாவற்றையும் ஒரே லேண்டிங் பேஜுக்கு அனுப்பினால் அது விதிமீறல், நிராகரிக்கப்படும். தனிப் பக்கம் இல்லையென்றால் முதலில் பக்கத்தைச் செய்யுங்கள், அப்புறம் சைட்லிங்க். சைட்லிங்கின் கீழே வரும் இரண்டு விளக்க வரிகளையும் காலியாக விடாதீர்கள். விளம்பரம் மேலே வரும்போது அந்த வரிகளும் சேர்ந்து தோன்ற வாய்ப்பு உண்டு. அவை இல்லாவிட்டால் அந்த இடம் உங்களுக்குக் கிடைக்காது.

தமிழில் எழுதும்போது வரும் இடைஞ்சல்

சைட்லிங்கின் தலைப்புக்கும், கிளிக் செய்ய முடியாத சிறு வரியான கால்அவுட்டுக்கும் 25 எழுத்து, சைட்லிங்கின் விளக்க வரி ஒவ்வொன்றுக்கும் 35 எழுத்து என்பது வரம்பு. தமிழில் இது நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். அனுப்பும் வழியில் கல் விரிசல் விடுவது கிரைண்டர் வாங்குபவர்களின் பெரிய பயம். அதற்காக ‘உடைந்தால் மாற்றித் தருவோம்’ என்று எழுதினோம். கையால் எண்ணினால் 13 எழுத்து வரும் சின்ன வாக்கியம், இரண்டு இடைவெளிகள் சேர்த்து 15. ஆனால் யூனிகோடில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். ‘டை’ என்பது இரண்டு, ‘ந்’ என்பது இரண்டு. இப்படி எண்ணினால் அந்த வாக்கியம் 26 குறி. ஒன்று அதிகம். ‘உடைந்தால் வேறு தருவோம்’ என்று மாற்றியதும் 22 ஆனது. பெட்டியின் ஓரத்தில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டே எழுதுவதுதான் வழி. இடம் போதவில்லை என்று சொல்லைப் பாதியில் வெட்டிச் சுருக்கம் போட வேண்டாம். படிப்பவருக்கு அது புரியாது.

கால்அவுட்டையும் ஸ்னிப்பெட்டையும் குழப்பிக்கொள்வது

இரண்டும் கிளிக் செய்ய முடியாத வெறும் எழுத்துதான், அதனால் குழப்பம் வருவது இயல்பு. வேறுபாட்டை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: உங்களிடம் ஏன் வாங்க வேண்டும் என்பதைச் சொல்வது கால்அவுட். உங்களிடம் என்னென்ன இருக்கிறது என்று அடுக்குவது ஸ்ட்ரக்சர்டு ஸ்னிப்பெட். ‘கேஷ் ஆன் டெலிவரி’, ‘எக்ஸ்சேஞ்ச் உண்டு’ போன்றவை கால்அவுட். டேபிள் டாப், டில்டிங், வணிக கிரைண்டர் என்பது ஸ்னிப்பெட்.

ஸ்னிப்பெட்டுக்குத் தலைப்பை நாமே எழுத முடியாது. `Types`, `Brands`, `Models`, `Service catalog` என்று கூகுள் தரும் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதன் கீழே குறைந்தது மூன்று மதிப்புகள் வேண்டும், அவை அந்தத் தலைப்பின் வகையிலேயே அமைய வேண்டும். `Brands` என்று எடுத்துவிட்டு அதன் கீழே ‘குறைந்த விலை’, ‘சிறந்த தரம்’ என்று எழுதினால் அனுமதி கிடைக்காது. விற்பனைப் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

கால்அவுட்டில் வேறு மாதிரித் தவறு. ஹெட்லைனில் ‘கோவை வெட் கிரைண்டர்’ என்று இருக்கும், கால்அவுட்டிலும் ‘கோவை கிரைண்டர்’ என்றே இருக்கும். புதிதாக ஒரு தகவலும் சேரவில்லை. அதேபோல் ‘நம்பகமான சேவை’, ‘தரமான பொருள்’ என்பவையும் வீண். பக்கத்துக் கடைக்காரர் எழுதினாலும் பொருந்தும் வாக்கியத்தைக் கால்அவுட்டில் வைக்காதீர்கள். எத்தனை வருட வாரண்டி, எத்தனை நாளில் டெலிவரி, சர்வீஸ் ஆள் வீட்டுக்கு வருவாரா என்று எண்ணிக்கையோ உறுதியோ சொல்லும் வரியைப் போடுங்கள்.

மேலே போட்டது கீழே வந்து நிற்பது

இந்தத் தவறு பழகியவர்களிடமும் இருக்கிறது, காசு நஷ்டமும் இதில்தான் அதிகம். இந்தப் பகுதிகளை மொத்தக் கணக்குக்கும் வைக்கலாம், ஒரு கேம்பெய்னுக்கு மட்டும் வைக்கலாம், ஒரு ஆட் குரூப்புக்கு மட்டும் வைக்கலாம். பழைய விதிப்படி, கீழ் மட்டத்தில் ஒன்று இருந்தால் மேல் மட்டத்தில் வைத்தது தோன்றாது. அதனால் பலரும் பொதுவான வரிகளைக் கணக்கு மட்டத்தில் போட்டுவிட்டு, விதிவிலக்கான கேம்பெய்னுக்கு மட்டும் தனியாக எழுதினார்கள். 2022 மார்ச்சில் கூகுள் இதை மாற்றியது. இப்போது மேல் மட்டத்து சைட்லிங்க், கால்அவுட், ஸ்னிப்பெட் எல்லாம் கீழ் மட்டத்தில் உள்ளவற்றோடு கலந்து வரலாம்.

நமது கிரைண்டர் கடையில் நடந்தது இதுதான். ‘இலவச டெலிவரி’ என்பது கணக்கு மட்டத்தில் கிடந்தது. வீட்டு உபயோகக் கிரைண்டருக்கு அது உண்மை. ஹோட்டலுக்கான 10, 20 லிட்டர் கிரைண்டர்கள் லாரி சர்வீஸில்தான் போகும், வாடகை வாங்குபவர் தர வேண்டும். அந்தக் கேம்பெய்னுக்குத் தனியாக நான்கு கால்அவுட் எழுதியிருந்ததால், பழையது வராது என்று நம்பிவிட்டார்கள். அது வந்தது. சி.டி.ஆர். நன்றாகவே ஏறியது, கூடவே போனில் சண்டையும் ஏறியது. “டெலிவரி ஃப்ரீன்னு போட்டிருக்கீங்களே அண்ணா” என்று மெஸ்காரர்கள் கேட்டபோது, கடைக்காரருக்கு அப்படிப் போட்டிருப்பதே தெரியவில்லை.

இதைக் கண்டுபிடிக்க விளம்பரப் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. கேம்பெய்னைத் திறந்து, அசெட் பட்டியலில் எந்த வரி எந்த மட்டத்தில் சேர்க்கப்பட்டது என்று பாருங்கள். எல்லாப் பொருளுக்கும், எல்லா ஊருக்கும், எல்லா நாளும் உண்மையாக இருப்பதை மட்டும் கணக்கு மட்டத்தில் வையுங்கள். மற்றதைக் கேம்பெய்னுக்கு இறக்குங்கள். தீபாவளி, பொங்கல் சலுகைக்குத் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் போட்டுவிடுங்கள், மறந்து தை மாதம் முழுக்க ஓடாது. கூகுள் தானாக உருவாக்கும் சைட்லிங்க், கால்அவுட்டுகளும் உண்டு, அவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு வேண்டாததை நிறுத்துங்கள்.

சி.டி.ஆர். எண்ணைத் தப்பாகப் படிப்பது

அசெட் பட்டியலில் ஒரு கால்அவுட்டுக்கு எதிரே 48 கிளிக் என்று இருக்கும். கால்அவுட்டைத்தான் கிளிக் செய்யவே முடியாதே! அந்த எண், அந்த வரி தோன்றிய நேரத்தில் விளம்பரத்தின் எந்தப் பகுதியில் கிளிக் விழுந்தாலும் சேர்த்து எண்ணியது. சைட்லிங்க்குக்கும் இப்படித்தான். சைட்லிங்க் மேலேயே எத்தனை கிளிக் விழுந்தது என்று தெரிய, செக்மென்ட்டில் `Click type` தேர்ந்தெடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்ததுதான் பெரிய மயக்கம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்கு. விளம்பரம் 1000 முறை தோன்றியது. அதில் சைட்லிங்க்கோடு 400 முறை, 48 கிளிக்: 12 சதவீதம். சைட்லிங்க் இல்லாமல் 600 முறை, 26 கிளிக்: 4 சதவீதம் சொச்சம். சைட்லிங்க் சி.டி.ஆரை மூன்று மடங்காக்கிவிட்டது என்று ரிப்போர்ட் எழுதத் தோன்றும்.

இப்போது கடைப் பெயரைச் சொல்லித் தேடியவர்களைத் தனியாகப் பிரியுங்கள். அவர்களிடம் சைட்லிங்க்கோடு 280 முறை தோன்றி 42 கிளிக், இல்லாமல் 20 முறை தோன்றி 3 கிளிக். இரண்டுமே 15 சதவீதம்தான். மீதியுள்ள பொதுத் தேடலில் சைட்லிங்க்கோடு 120 முறைக்கு 6 கிளிக், அதாவது 5 சதவீதம். இல்லாமல் 580 முறைக்கு 23 கிளிக், ஏறக்குறைய 4 சதவீதம். மூன்று மடங்கு என்று தெரிந்தது, பிரித்ததும் 4-க்கு 5 என்று சுருங்கிவிட்டது. பெயர் சொல்லித் தேடுபவருக்கு விளம்பரம் மேலே வரும், மேலே வந்தால் சைட்லிங்க்கும் கூடவே வரும். அவர் எப்படியும் கிளிக் செய்யப்போகிறவர். அந்தக் கிளிக்கையெல்லாம் சைட்லிங்க் கணக்கில் எழுதிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அந்த 4-க்கு 5-ஐக்கூட உடனே நம்ப வேண்டாம். 6 கிளிக் என்பது மிகச் சின்ன எண், இரண்டு பேர் கூடக் குறைய இருந்தாலே முடிவு மாறிவிடும். நான் செய்வது இது: பொதுத் தேடலுக்கான கேம்பெய்னை மட்டும் எடுத்துக்கொண்டு, சைட்லிங்க்கை மாற்றுவதற்கு முந்தைய நான்கு வாரத்தையும் பிந்தைய நான்கு வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். இடையில் ஏலத் தொகை, ஹெட்லைன், கீவேர்ட் எதையும் தொட மாட்டேன், பண்டிகை வாரம் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வேன். மொபைலையும் கம்ப்யூட்டரையும் தனித்தனியாகப் பார்ப்பேன். சி.டி.ஆருக்குப் பக்கத்திலேயே, விளம்பரம் எத்தனை சதவீதம் மேலே தோன்றியது என்று காட்டும் `Impr. (Top) %` என்ற பத்தியையும் வைப்பேன். சி.டி.ஆர். ஏறி, அந்தப் பத்தியும் ஏறியிருந்தால் விளம்பரம் மேலே போனதால் வந்த ஏற்றமும் அதில் கலந்திருக்கிறது. அந்தப் பத்தி அசையாமல் சி.டி.ஆர். மட்டும் ஏறியிருந்தால், எழுதி வைத்த வரிகளே வேலை செய்திருக்கக் கூடும். அதன்பிறகு அந்த நான்கு கதவுகளில் எதன் வழியாக வந்தவர்கள் வாங்கினார்கள் என்று பார்த்து, கிளிக் மட்டும் தின்றுகொண்டிருப்பதை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பேன்.