அனிமேஷன் சேனலுக்கு தம்ப்நெயிலும் தலைப்பும்: ஒரு தெனாலிராமன் கதையை வைத்துச் செய்து பார்ப்போம்

யூடியூபில் சிறுவர்களுக்கான 2டி அனிமேஷன் கதை சேனல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பார்ப்பது நான்கிலிருந்து எட்டு வயதுக் குழந்தைகள். ஆனால் போன் அம்மாவுடையதோ தாத்தாவுடையதோ. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: குழந்தைக்கு வேகமாக வாசிக்க வராது, படத்தைப் பார்த்துத்தான் விரலை வைக்கும். தலைப்பை வாசித்து "இது பார்க்கலாம்" என்று சொல்வது பெரியவர். அதனால் வீடியோவின் முகப்புப் படமான தம்ப்நெயில் குழந்தைக்கு, தலைப்பு பெரியவருக்கு என்று வேலையைப் பிரித்துவிடுங்கள். கீழே சொல்லும் எல்லாமே இந்தப் பிரிவிலிருந்து வருவதுதான்.

எடுத்துக்காட்டுக்கு எல்லோருக்கும் தெரிந்த தெனாலிராமன் பூனைக் கதை. எலித்தொல்லை தீர அரசர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பூனையும், அதற்குப் பால் தர ஒரு பசுவும் கொடுக்கிறார். ராமன் முதல் நாளே கொதிக்கக் கொதிக்கப் பாலை வைக்க, நாக்கைச் சுட்டுக்கொண்ட பூனை அதன்பிறகு பாலைக் கண்டாலே ஓடுகிறது. பாலை ராமனே குடிக்கிறான். அரசர் சோதிக்க வரும்போது அவர் கண்முன்னாலேயே பூனை கிண்ணத்தை விட்டு ஓடுகிறது.

படி 1: எந்தக் கணம் என்று முடிவு செய்யுங்கள்

கதையில் வரைய ஏற்ற கணங்கள் மூன்று உண்டு. ராமன் பால் குடிப்பது, பூனை நாக்கைச் சுட்டுக்கொள்வது, அரசர் முன்னால் பூனை ஓடுவது. மூன்றாவதைத்தான் எடுக்க வேண்டும். பூனைக்குப் பால் பிடிக்கும் என்பது நான்கு வயதுக் குழந்தைக்கும் தெரியும். பாலிலிருந்து துள்ளி ஓடும் பூனையைப் பார்த்தால் "ஏன் ஓடுது?" என்ற கேள்வி தானாக எழும். நாக்கு சுடும் காட்சியைப் போட்டால் கேள்வியும் பதிலும் ஒரே படத்தில் முடிந்துபோகும். அதே காரணத்தால், கிண்ணத்திலிருந்து ஆவி பறப்பதுபோல் வரையாதீர்கள். படம் அழகாக இருக்கும், ஆனால் ரகசியம் அங்கேயே போய்விடும்.

படி 2: வீடியோவிலிருந்து ஃபிரேமை வெட்டாதீர்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வீடியோவை நிறுத்தி, ஒரு ஃபிரேமை எடுத்து ஏற்றிவிடுகிறார்கள். ஓடும்போது நன்றாகத் தெரியும் அனிமேஷன், நிறுத்தினால் அப்படித் தெரியாது. கண் பாதி மூடியிருக்கும், கை இழுபட்டிருக்கும், இரண்டு போஸ்களுக்கு நடுவே உருவம் சிக்கியிருக்கும். மேலும் அந்தக் காட்சி முழுத் திரைக்காக அமைத்தது. பட்டியலில் சிறிதாக வரும்போது பூனை ஒரு புள்ளியாகிவிடும்.

அதே பாத்திரத்தை அதே கருவியில் திறந்து, தம்ப்நெயிலுக்கென்று தனியாக போஸ் கொடுங்கள். முதுகு வில்லாக வளையட்டும், நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பட்டும், வால் மயிர் சிலிர்க்கட்டும். வீடியோவில் இருப்பதைவிடச் சற்று மிகையாகவே இருக்கலாம். ஆனால் முகம், உடை, கோடுகளின் தடிமன் எல்லாம் வீடியோவில் உள்ளதேதான். உள்ளே தட்டையான நிறங்களில் எளிய 2டி வைத்துக்கொண்டு, வெளியே பளபளக்கும் 3டி பூனையைக் காட்டினால், எதிர்பார்த்த பூனை இல்லை என்று குழந்தை உடனே அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடும்.

போஸ் சரியா என்று பார்க்க, பூனை முழுவதையும் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். வெறும் நிழலைப் பார்த்தே "பூனை துள்ளுகிறது" என்று புரிந்தால் போஸ் தேறிவிட்டது. கறுப்புக் கட்டியாகத் தெரிந்தால் காலையும் வாலையும் உடலை விட்டு விலக்குங்கள்.

படி 3: அடுக்குங்கள்

கேன்வாஸ் 1280 × 720 பிக்சல். இடப்பக்கம் அரசரின் கையும் பால் கிண்ணமும், நடுவிலிருந்து வலது மேல்பக்கம் நோக்கிப் பாயும் பூனை. படத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் பூனையே இருக்கட்டும். அரசரின் முழு உருவம் தேவையில்லை. காப்பும் மோதிரமும் போட்ட கை போதும், அரசர் என்று தெரிந்துவிடும். ராமனை வைக்க ஆசையிருந்தால் பின்னால் ஓரமாக, குடுமியும் அடக்கிய சிரிப்புமாகச் சிறிதாக வையுங்கள். மூன்றாவது முகம் வேண்டாம்.

வலது கீழ்மூலையை வெறுமையாக விடுங்கள். வீடியோ எத்தனை நிமிடம் என்ற பட்டை அங்கேதான் வந்து உட்காரும். கிண்ணத்தை அங்கே வைத்தால் கதையே மறைந்துவிடும்.

நிறத்தில் இந்தக் கதைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வீடியோவில் பூனை செம்மஞ்சள், அரண்மனைச் சுவர் இளமஞ்சள் என்று வைத்துக்கொள்வோம். அசைவு இருப்பதால் வீடியோவில் பூனை பிரிந்து தெரியும். அசையாத படத்தில் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பாத்திரத்தின் நிறத்தில் கை வைக்காமல் சுவரை அடர்ந்த நீலப்பச்சைக்கு மாற்றுங்கள், தூண்களின் வேலைப்பாட்டையெல்லாம் அழித்துவிடுங்கள். இப்போது பூனையும் வெள்ளைப் பாலும் இரண்டுமே எடுப்பாகத் தெரியும். பிறகு முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கி ஒருமுறை, 160 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஒருமுறை பாருங்கள். இரண்டிலும் பூனையும் கிண்ணமும் தெரிய வேண்டும்.

எழுத்து? இந்தப் படத்துக்கு வேண்டாம் என்பேன். குழந்தை வாசிக்கப்போவதில்லை, பெரியவருக்குத் தலைப்பு கீழேயே இருக்கிறது. வேறு கதைக்கு எழுதியே ஆகவேண்டுமென்றால் ஒரு சொல்லோடு நிறுத்துங்கள். சில மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் வராமல் பின்னால் போய் நிற்கும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பில் அப்படி நடந்தால் டைப் அமைப்புகளில் World-Ready Layout என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றுமுன் ஒவ்வொரு எழுத்தையும் வாசித்துப் பார்த்துவிடுங்கள்.

படி 4: தலைப்பு

"தெனாலிராமன் கதைகள் பகுதி 12 | தமிழ் சிறுவர் கதைகள்" என்று வைத்தால், போனில் தலைப்பு வெட்டுப்படும்போது பன்னிரண்டு வீடியோவும் ஒரே பெயரில் நிற்கும். கதைக்கே உரிய சொற்கள் முன்னால், தொடரின் பெயர் பின்னால்:

பாலைக் கண்டாலே ஓடும் பூனை | தெனாலிராமன் கதை

படம் எழுப்பிய கேள்வியையே தலைப்பும் எழுப்புகிறது, காரணத்தைச் சொல்லவில்லை. பின்பாதியைப் பார்த்ததும் தெரிந்த, நல்ல கதைதான் என்று பெரியவருக்கு நம்பிக்கை வரும். "அதிர்ச்சி!", "கடைசியில் நடந்தது என்ன?" போன்றவை இந்த வீட்டுக்குப் பொருந்தாது. பிள்ளையிடம் போனைக் கொடுப்பவர் அதைப் பார்த்தால் தயங்குவார்.

யூடியூபின் எல்லை 100 குறிகள். தமிழில் துணையெழுத்தும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். "தெனாலிராமன்" கண்ணுக்கு ஆறு எழுத்து, கணக்கில் 11. மேலே உள்ள தலைப்பு 43, தாராளமாக அடங்குகிறது.

படி 5: ஏற்றிய பிறகு

சொந்தத் தம்ப்நெயில் போட, போன் எண்ணைச் சரிபார்த்த கணக்கு வேண்டும். படம் 2 எம்பிக்குள் இருந்தால் தடையில்லாமல் ஏறும். குழந்தைகளுக்கான வீடியோ என்று குறித்துவிட்டால், தம்ப்நெயில்களை ஒப்பிட்டுச் சோதிக்கும் வசதி கிடைக்காது. ஆகவே நீங்களே கணக்கைப் பார்க்க வேண்டும்.

யூடியூப் ஸ்டூடியோவில் இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள்: படம் கண்ணில் பட்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் கிளிக் செய்தார்கள், முதல் அரை நிமிடத்தில் எத்தனை பேர் மிஞ்சினார்கள். கிளிக் சதவீதம் பாதிச் சேனல்களுக்கு 2 முதல் 10க்குள் இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. உங்கள் மற்ற கதைகளைவிடக் கிளிக் குறைவு, ஆனால் வந்தவர்கள் தங்குகிறார்கள் என்றால் கதை நன்று, படத்தைத்தான் மாற்ற வேண்டும். கிளிக் அதிகம், அரை நிமிடத்தில் கூட்டம் கலைகிறது என்றால் படத்தில் கண்ட பூனை வீடியோவில் வர நேரமாகிறது. அப்போது தம்ப்நெயிலைத் தொடாதீர்கள். அரசர் பூனைகளைப் பங்கிடும் நீண்ட சபைக் காட்சியைச் சுருக்குங்கள். படத்தை மாற்றினால் தலைப்பை அப்படியே விடுங்கள், இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.