பணம் நின்றதும் தளத்துக்கு அனுப்பும் மெசேஜ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளையன்ட் டிஸ்ப்யூட் போட்டுப் பணம் நின்றதும், புதிதாக ஃப்ரீலான்ஸ் செய்ய வந்தவர்கள் வேலை எடுத்த ஃப்ரீலான்ஸ் தளத்துக்கு எழுதும் மெசேஜைச் சில நேரம் என்னிடம் காட்டுவார்கள். எங்கள் செட்டில் எல்லோரும் அந்தக் காலத்தில் எழுதிய அதே மெசேஜ்தான், எழுதுகிற ஆள் மட்டும் வேறு. கோபமாக எழுதாதீர்கள், எழுத்துப்பிழை பாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன்.

பணம் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் எழுதுவது

கிளையன்ட் முன்கூட்டியே போட்ட பணம் இன்னும் விடுவிக்கப்படாமல் எஸ்க்ரோவில், அதாவது தளத்தின் பொறுப்பில், கிடக்கலாம். விடுவித்த பிறகு, தளம் வழக்கமாக வைக்கும் சில நாள் காத்திருப்பில் இருக்கலாம். இல்லையென்றால் கிளையன்ட் தன் கார்டு வங்கியிடமே போய்ப் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கலாம், அதாவது சார்ஜ்பேக். இந்தக் கடைசி நிலையில் முடிவு வங்கியுடையது. தளத்தால் உங்கள் ஆதாரங்களை வங்கிக்கு அனுப்பி வைக்க மட்டுமே முடியும். அவர்களிடம் "நியாயம் வழங்குங்கள்" என்று பக்கம் பக்கமாக எழுதிப் பிரயோஜனம் இல்லை. கணக்கில் அந்தத் தொகைக்குப் பக்கத்தில் என்ன நிலை காட்டுகிறது என்று முதலில் பாருங்கள், அப்புறம் எழுதலாம்.

உழைப்பைச் சொல்லிப் பணம் கேட்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். "ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தேன், கிளையன்ட் கேட்டதையெல்லாம் மாற்றிக் கொடுத்தேன், இப்போது பிடிக்கவில்லை என்கிறார்." ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாகவே இருக்கும். ஆனால் ஒப்பந்தம் நிலையான தொகைக்கு என்றால், எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்பதற்கு அங்கே மதிப்பே கிடையாது. டிஸ்ப்யூட்டைப் பார்ப்பவர் டிசைனரும் இல்லை, புரோகிராமரும் இல்லை. உங்கள் வேலை அழகா, அசிங்கமா என்று அவர் தீர்ப்புச் சொல்லப்போவதும் இல்லை. மைல்ஸ்டோனில், அதாவது தொகை குறித்து ஒப்புக்கொண்ட வேலைக் கட்டத்தில், எழுதியிருந்தது என்ன, நீங்கள் சமர்ப்பித்தது என்ன, இரண்டும் பொருந்துகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்.

மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் கதை தலைகீழ். அங்கே தளத்தின் செயலி பதிவு செய்த நேரம்தான் பேசும்: நடுநடுவே அது எடுத்த ஸ்கிரீன்ஷாட்கள், கீபோர்டு, மவுஸ் அசைவு, என்ன வேலை என்று நீங்கள் போட்ட சிறு குறிப்பு. அப்வொர்க் தளத்தில் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் விழும். கையால் சேர்த்த மணிகளுக்கு அங்கே பாதுகாப்பு கிடையாது. ஆக, மணிக்கணக்கில் வேலை செய்தவர் "முடித்துக் கொடுத்த வேலையைப் பாருங்கள்" என்று வாதாடுவதும், நிலையான தொகைக்காரர் "எத்தனை மணி நேரம் போனது தெரியுமா" என்று வாதாடுவதும் ஒரே தவறுதான். யாரும் கேட்காத கேள்விக்கு இரண்டு பேரும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு பெண் காட்டிய மெசேஜைச் சொல்கிறேன். இணையதள வடிவமைப்பு, 400 டாலர் மைல்ஸ்டோன். அதில் எழுதியிருந்தது: "ஐந்து பக்கங்களுக்கு டெஸ்க்டாப் வடிவமைப்பு, ஒரு சுற்றுத் திருத்தம்." அவர் ஐந்தையும் கொடுத்தார், திருத்தமும் செய்தார். "நன்றாக வந்திருக்கிறது, இனி மொபைலுக்கும் செய்துவிடுங்கள்" என்றார் கிளையன்ட். அது தனி வேலை, தனித் தொகை என்று இவர் சொன்னதும், வேலை முழுமையாக இல்லை என்று டிஸ்ப்யூட் வந்துவிட்டது. இவர் எழுதியிருந்த மெசேஜ் முழுக்கக் கிளையன்டின் குணம், தன் தூக்கம், வீட்டு நிலைமை. "நன்றாக வந்திருக்கிறது" என்று கிளையன்டே எழுதிய வரி அதில் எங்கேயும் இல்லை! ஜெயிக்கிற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

மாற்றி எழுதியபோது இப்படி ஆயிற்று:

"இது நிலையான தொகை ஒப்பந்தத்தின் இரண்டாவது மைல்ஸ்டோன், 400 டாலர். மைல்ஸ்டோன் விவரம்: ஐந்து பக்கங்களுக்கு டெஸ்க்டாப் வடிவமைப்பு, ஒரு சுற்றுத் திருத்தம். 3ஆம் தேதி ஐந்து பக்கங்களையும் சமர்ப்பித்தேன். 6ஆம் தேதி கிளையன்ட் கேட்ட நிற மாற்றத்தைச் செய்து 8ஆம் தேதி மீண்டும் சமர்ப்பித்தேன். 9ஆம் தேதி கிளையன்ட் 'நன்றாக வந்திருக்கிறது' என்று எழுதி, மொபைல் வடிவமைப்பு கேட்டார். அது இந்த மைல்ஸ்டோனில் இல்லை. விவரத்தில் உள்ள வேலை முழுவதும் ஒப்படைக்கப்பட்டதால் 400 டாலரையும் விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று மெசேஜ்களும் கோப்புகளும் இணைப்பில் உள்ளன."

இதில் கிளையன்டைப் பற்றி ஒரு பெயரடைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். என்ன வேண்டும் என்பது தொகையோடு இருக்கிறது. பாதி மெசேஜ்கள் "தயவுசெய்து நடவடிக்கை எடுங்கள்" என்றுதான் முடிகின்றன. என்ன நடவடிக்கை என்று படிப்பவர் ஊகிக்க வேண்டுமா?

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மைல்ஸ்டோன் விவரத்தில் "இணையதளம்" என்று ஒற்றை வார்த்தை மட்டும் இருந்திருந்தால் இந்த மெசேஜால் இவ்வளவு சாதித்திருக்க முடியாது. அப்போது வேலையின் எல்லை என்ன என்று இருவரும் பேசிய மெசேஜ்களைத் தோண்டி எடுக்க வேண்டும், அது பலவீனமான வாதம்தான். இன்னொன்று, கோப்பை சாட்டில் அனுப்பிவிட்டு 'சமர்ப்பி' பட்டனை அழுத்தாதவர்கள். அப்வொர்க்கில் அந்தப் பட்டனை அழுத்தினால்தான் கிளையன்டுக்கான 14 நாள் கெடு ஓடத் தொடங்கும். அவர் எதுவும் சொல்லாவிட்டால் கெடு முடிந்ததும் பணம் தானாக விடுபடும். சாட்டில் போட்ட கோப்புக்குக் கெடுவே இல்லை.

முதல் மெசேஜிலேயே பாதிக்கு இறங்குவது

"பாதியாவது கொடுங்கள் போதும்" என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் பேச்சு ஏறவே ஏறாது. சமரசத்துக்கு இடம் உண்டுதான், ஆனால் அது மத்தியஸ்தர் இரண்டு பக்கமும் கேட்ட பிறகு. அப்போதும் சும்மா பாதி என்று சொல்லாமல் கணக்கோடு சொல்லுங்கள்: அதே 400 டாலர் வேலையில் நாலு பக்கம்தான் கொடுத்திருந்தால், ஐந்தில் நாலு கொடுத்தாயிற்று, ஆகவே 320 டாலர் என்று. நடுவர் தீர்ப்பு வரை போவதற்குச் சில தளங்களில் இரு தரப்பும் கட்டணம் கட்ட வேண்டும். தொகை அந்தக் கட்டணத்தை ஒட்டியே இருந்தால் மத்தியஸ்தத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.

மோசமான மதிப்பீடு போடுவேன் என்று மிரட்டுவது

வேண்டவே வேண்டாம். அது தனி விதிமீறல், உங்கள் கணக்கே போகலாம்.

வாட்ஸ்ஆப் ஸ்கிரீன்ஷாட்டை நம்புவது

தளத்துக்கு வெளியே பேசியதைத் தளத்தால் சரிபார்க்க முடியாது. போதாததற்கு, வெளியே பேசியதே விதிக்கு எதிரானதாக இருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட் உங்கள் மேலேயே திரும்பும். போனில் ஒன்று முடிவானால் உடனே தளத்தின் மெசேஜில் "நாம் பேசியபடி இதைச் சேர்க்கிறேன், இதற்கு இவ்வளவு" என்று ஒரு வரி போட்டு, கிளையன்டிடம் 'சரி' வாங்கிவிடுங்கள்.

கெடுவைத் தவறவிடுவது

தளம் பதில் கேட்டு நாள் குறித்திருக்கும். அதற்குள் எழுதாவிட்டால், பல தளங்களில் எதிர்த்தரப்புக்குச் சாதகமாக முடித்துவிடுவார்கள். ஆதாரம் எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மேலே உள்ளது போல எட்டு வரியை முதலில் அனுப்பிவிட்டு, மீதிக் கோப்புகளை அதே டிக்கெட்டில் சேருங்கள். பதில் வரவில்லை என்று புது டிக்கெட் திறந்தால் வேறொருவர் முதலிலிருந்து படிக்க ஆரம்பிப்பார்.