லேட் டெலிவரிக்கு கோவமா அடிச்ச மெசேஜை வேலைக்கு ஆகுற மெயிலா மாத்துறது எப்படி

எங்க அத்தான் மார்த்தாண்டம் பக்கத்துல ஏத்தங்கா சிப்ஸ் போடுறாரு, சின்ன யூனிட்தான், பில்லு மெயில் எல்லாம் என் தலையில. 2025ல திருவோணம் செப்டம்பர் 5, களியக்காவிளை தாண்டி கேரளா கடைகளுக்கு சரக்கு ஆகஸ்ட் கடைசிக்குள்ள போயாகணும். அதுக்காக எங்க பேரு அச்சடிச்ச அரைக்கிலோ பவுச் 10,000 வேணும்னு ஒரு பவுச் சப்ளையர்கிட்ட ஆர்டர் கொடுத்து, மொத்தம் 45,000 ரூபாய்ல பாதி 22,500 அட்வான்ஸும் போட்டாச்சு. பவுச் வரல. ஆகஸ்ட் 19 காலைல அத்தான் போன்ல அடிச்சு வச்சிருந்தது இது:

> யோவ் மனுசனா நீரு? எட்டு நாளா நாளைக்கி நாளைக்கின்னு ஏமாத்திட்டு இருக்கீரு. உம்மால எனக்கு ரெண்டு லட்சம் நஷ்டம். இன்னைக்கி சரக்கு வரலன்னா கோர்ட்ல பாத்துக்கிடலாம். இனி ஜென்மத்துக்கும் உங்கிட்ட ஆர்டர் கிடையாது.

அனுப்புறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டினாரு, அதுவே புண்ணியம். இத எப்படி மாத்தினோம்னு வரிசையா சொல்லுறேன்.

முதல்ல, டிராஃப்ட அழிக்காதீங்க. கோவத்துல எழுதுனதுலதான் விஷயம் எல்லாம் கெடக்கும். ஒவ்வொரு வரியா பாத்து, இதுக்கு என் கையில காகிதம் இருக்கான்னு மட்டும் கேளுங்க. "மனுசனா" போச்சு. "ஜென்மத்துக்கும்" போச்சு, அதோட ஒண்ணு யோசிங்க, இனி ஆர்டரே கிடையாதுன்னு சொல்லிட்டா அவருக்கு நம்ம சரக்க அவசரமா அடிக்க என்ன காரணம் இருக்கு? "ரெண்டு லட்சம்" எப்படி கணக்கு போட்டீங்கன்னு கேட்டேன், அத்தான் மோட்டுவளைய பாத்தாரு. மிஞ்சினது ரெண்டே விஷயம்: எட்டு நாள் லேட், தினமும் நாளைக்குன்னு பதில்.

அடுத்து, அந்த தேதிய ஆர்டர் காகிதத்தோட, அதாவது பிஓ-வோட, ஒத்துப் பாருங்க. நாங்க மாட்டிக்கிட இருந்த எடம் இதுதான். ஆர்டர் போட்டது ஜூலை 21, 21 நாள்ல டெலிவரி, அப்போ ஆகஸ்ட் 11, அதனால எட்டு நாள் லேட்னு அத்தான் கணக்கு. ஆனா பிஓ-வ திறந்து பாத்தா "டிசைன் ஓகே பண்ணதுல இருந்து 21 நாள்"னு இருக்கு. அச்சடிக்கிற பவுச்ல இப்படித்தான் போடுவாங்க, நாம டிசைன பாத்து சரின்னு சொல்லாம அவங்க அச்சு சிலிண்டர் போட முடியாதுல்லா. வாட்ஸாப்ப தோண்டினா அத்தான் ஓகே சொன்னது ஜூலை 24 ராத்திரி. அப்போ கெடு ஆகஸ்ட் 14, லேட் அஞ்சு நாள்தான். எட்டுன்னு எழுதியிருந்தா அவரு அந்த மூணு நாள மட்டும் பிடிச்சுக்கிட்டு, நீங்கதான் டிசைன லேட்டா ஓகே பண்ணீங்கன்னு முழு பேச்சையும் திருப்பியிருப்பாரு. நம்ம பக்க தாமதத்த நாமளே கழிச்சுட்டு எழுதினா அவருக்கு பிடிக்க கொம்பு இல்ல.

நஷ்டத்த பில்லு இருக்குற அளவுக்கு மட்டும் எழுதுங்க. வராம போன வியாபாரத்த நிரூபிக்கிறது கஷ்டம், எங்களால முடியல. ஆனா அவசரத்துக்கு நாகர்கோவில்ல பிளெயின் பவுச் 2,000 வாங்கி ஸ்டிக்கர் ஒட்டினோம், ஒரு பவுச்சுக்கு 2 ரூபாய் 10 காசு கூடுதல், ஆக 4,200 ரூபாய். ரெண்டு லட்சத்த பாத்தா சிரிப்பாரு, 4,200-க்கு பில்லு பாத்தா பதில் சொல்லியாகணும்.

அப்புறம், என்ன வேணும்னு தேதியும் நேரமும் வச்சு கேளுங்க. "உடனே அனுப்புங்க"ன்னா அது நாளைக்கும் உடனேதான், அடுத்த வாரமும் உடனேதான். நாங்க ரெண்டு கேட்டோம், லாரி ரசீது காப்பி ஒரு தேதிக்குள்ள, சரக்கு ஒரு தேதிக்குள்ள. ரசீது கேக்குறது ஏன்னா, "லோடு ஏறிருச்சு"ன்னு வாய்ஸ் நோட் யாரு வேணா போடலாம், ரசீது லோடு ஏறினா மட்டும்தான் வரும்.

வரலன்னா என்ன செய்வோம்ங்கிறது கடைசி. நிஜமா செய்யப்போறத மட்டும் எழுதணும். 45,000 ரூபாய்க்கு கோர்ட்டுக்கு நாம போகமாட்டோம், அது அவருக்கும் தெரியும். வராத பவுச்ச ரத்து பண்ணிட்டு பிளெயின் பவுச்லயே ஓணத்த ஓட்டிருவோம், அது நடக்கக்கூடியது, அதனால அத எழுதினோம். இப்படி ரத்து பண்ணுறதுக்கு பிடி வேணும்னா தேதி முக்கியம்னு ஆர்டர்லயே தெரிஞ்சிருக்கணும், எங்க பிஓ-ல "ஓண சீசனுக்கு"ன்னு எழுதியிருந்தது நல்லதா போச்சு. அது இல்லாம லேட்டுன்னு மட்டும் சொல்லி ரத்து பண்ணா, அச்சடிச்ச சரக்க யாருக்கு விக்கன்னு அவரு சண்டைக்கு வருவாரு, அதுலயும் நியாயம் இருக்கு.

இன்னொரு வரி, நெறைய பேருக்கு தெரியாது. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் 55-வது பிரிவுபடி, தேதி முக்கியம்னு பேசின ஆர்டர்ல லேட்டா வந்த சரக்க நாம ஒத்துக்கிட்டு வாங்கிட்டா, அந்த லேட்டுக்கு பிறகு நஷ்டஈடு கேக்க முடியாது, வாங்குற நேரத்துலயே கேப்போம்னு சொல்லியிருந்தாத்தான் உண்டு. அதனால மெயில்ல அத சாதாரண தமிழ்ல சொல்லிருங்க. பிரிவு நம்பர் போடாதீங்க, போட்டா அவரு பவுச்ச விட்டுட்டு வக்கீல தேடப் போயிருவாரு.

கடைசில போனது இது:

> பொருள்: பிஓ 47, 10,000 பவுச், ஆகஸ்ட் 14 டெலிவரி நிலுவை
>
> வணக்கம் அண்ணாச்சி,
>
> பிஓ 47-ன்படி டிசைன் ஒப்புதல் ஜூலை 24 அன்று கொடுத்தோம். 21 நாள் கணக்கில் ஆகஸ்ட் 14 அன்று சரக்கு வந்திருக்க வேண்டும். இன்று ஆகஸ்ட் 19, இன்னும் வரவில்லை. அட்வான்ஸ் 22,500 ரூபாய் செலுத்தியுள்ளோம். ஓண சீசனுக்கான சரக்கு என்பது பிஓ-விலேயே உள்ளது.
>
> 1. லாரி ரசீது காப்பியை நாளை ஆகஸ்ட் 20, மாலை 5 மணிக்குள் அனுப்பவும்.
> 2. சரக்கு ஆகஸ்ட் 23 சனிக்கிழமைக்குள் எங்கள் யூனிட்டுக்கு வந்து சேர வேண்டும்.
>
> அதற்குள் வராத பவுச்சுகளின் ஆர்டரை ரத்து செய்து, அவற்றுக்கான அட்வான்ஸைத் திருப்பிக் கேட்போம்.
>
> தாமதத்தால் மாற்று பவுச் வாங்கியதில் 4,200 ரூபாய் கூடுதல் செலவு, பில் இணைத்துள்ளோம். சரக்கைத் தாமதமாகப் பெற்றுக்கொண்டாலும் இந்தத் தொகையைக் கேட்போம், இறுதி பில்லில் கழித்துக்கொள்ளச் சம்மதமா எனத் தெரிவிக்கவும்.

இத பிஓ அனுப்பின அதே மெயிலுக்கு ரிப்ளையா போடுங்க, அப்போ பழைய பேச்சு எல்லாம் கீழயே கெடக்கும். வாட்ஸாப்ல "அண்ணாச்சி, மெயில் போட்டிருக்கேன், பாத்துக்கிடுங்க"ன்னு ஒரு வரி போதும், அங்க மறுபடி சண்டைய தொடங்காதீங்க. அத்தானுக்கு அதுதான் கஷ்டமா இருந்துச்சு, போன நானே வாங்கி வச்சுக்கிட்டேன்.

மறுநாள் நாலரைக்கு ரசீது வந்துச்சு, ஆனா 6,000 பவுச்சுக்குத்தான், மீதி 27-ஆம் தேதி தாரேன்னு கேட்டாரு. சரின்னோம், ஆனா அந்த புது தேதியையும் மெயில்லயே எழுதி வாங்கினோம். 23-ஆம் தேதி லோடு இறங்கினப்போ டெலிவரி சலான்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி "தாமத சரக்கு, 19-8 மெயிலில் கேட்ட தொகை நிலுவை"ன்னு ஒரு வரி எழுதி போட்டோ எடுத்து வச்சோம். டிரைவர் ஒரு மாதிரி பாத்தாரு. கடைசி பில்லுல 3,000 கழிச்சாரு, மீதி 1,200-அ அத்தான் விட்டுட்டாரு.