வாட்ஸ்அப்பில் அறிவிப்பு அனுப்ப: குரூப்பா, பிராட்காஸ்ட்டா, சேனலா?

நாற்பது பேர் படிக்கும் தையல் வகுப்புக்கு முதலில் குரூப்தான் வைத்திருந்தேன். "சனிக்கிழமை வகுப்பு 3 மணிக்கு" என்ற சேதி, ரோஜாப்பூ வணக்கங்களுக்கு அடியில் புதைந்து போகும். பல பேர் வழக்கம்போல 10 மணிக்கே வந்து நிற்பார்கள்.

குரூப் அனுமதிகளில் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றினால் ரோஜாப்பூ நின்றுவிடும். ஆனால் ஒருவர் எண்ணை இன்னொருவர் பார்ப்பது நிற்காது. அதனால் பிராட்காஸ்ட் பட்டியலுக்கு மாறினேன்.

செய்வது எளிது. ஆண்ட்ராய்டில் மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, New broadcast போய், பெயர்களைத் தேர்ந்தெடுத்து டிக் கொடுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். நீங்கள் ஒருமுறை அனுப்பினால் போதும், ஒவ்வொருவருக்கும் அது உங்களிடமிருந்து வந்த தனிச் சேதியாகவே போய்ச் சேரும். அவர்கள் பதில் போட்டாலும் உங்களுக்கு மட்டும்தான் வரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமிக்காதவருக்குச் சேதி போகவே போகாது, உங்களுக்கு எச்சரிக்கையும் வராது. அதனால் முதலில் ஒரு சோதனைச் சேதி அனுப்புங்கள். ஒரு நாள் கழித்து அதை அழுத்திப் பிடித்து, Info பாருங்கள். Delivered பட்டியலில் இல்லாதவருக்கு போன் போட்டு, "என் நம்பரை சேவ் பண்ணிட்டீங்களா?" என்று கேளுங்கள். எனக்கு முதல் தடவை ஏழு பேர் விட்டுப்போனார்கள்.

சரி, பெறுபவர் போனில் என்ன மிஞ்சும்? பிராட்காஸ்ட் சேதி சாதாரண சாட்டாகவே அவரிடம் இருக்கும். நீங்கள் பட்டியலையே அழித்தாலும் அவர் போனிலிருந்து அது போகாது, அவராக அழிக்கும் வரை கிடக்கும். கட்டண விவரம், அளவுக் குறிப்பு போன்றவற்றை அதனால்தான் இதில் அனுப்புகிறேன். ஒரு குறை: புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய சேதிகள் எதுவும் தெரியாது. அவருக்குத் தனியாக ஃபார்வர்ட் செய்ய வேண்டியதுதான்.

சேனல் இதற்கு நேர்மாறு. Updates பகுதியில் + தொட்டு, Create channel கொடுத்து, பெயர் வைத்து, இணைப்பைப் பகிர வேண்டும். எண்ணைச் சேமிக்கத் தேவையில்லை. பின்தொடர்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது, நேற்று வந்தவருக்கும் முந்தைய பதிவுகள் தெரியும். ஆனால் வாட்ஸ்அப் தன் சர்வரில் சேனல் பதிவுகளை 30 நாள் வரைதான் வைத்திருக்கும். சேனல் பதிவுகளுக்கு, தனிச் சாட்டில் இருப்பதுபோல, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் முழுமையான மறைகுறியாக்கமும் கிடையாது. புது பேட்ச் எப்போது தொடங்குகிறது, விடுமுறை என்றைக்கு என்பது போன்ற, நாள் தாண்டினால் யாருக்கும் வேண்டாத விஷயங்களை மட்டும் அங்கே போடுகிறேன்.

ஜூன் மாதக் கட்டண அறிவிப்பை ஒருமுறை சேனலில் போட்டுவிட்டேன். ஆகஸ்டில் ஒரு மாணவி, "எவ்வளவு சொன்னீங்க அக்கா?" என்று தேடினாள், காணவில்லை. பிராட்காஸ்ட்டில் வந்த மே மாதச் சேதி மட்டும் அவள் போனில் பத்திரமாக இருந்தது.