முந்தின நாளே போய்ச் சேரும் விமானம்: டிக்கெட்டில் உள்ள தேதியையும் நேரத்தையும் சரிபார்ப்பது எப்படி?

டோக்கியோவில் இருக்கும் என் அத்தை மகன் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டு, அதைப் படம் எடுத்து அனுப்பினான். டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் கிளம்புவது ஜனவரி 10, 00:05. லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்குவது 17:05. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் "-1" என்று இருந்தது. அவனைக் கூட்டிவர வேண்டிய என் அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. "பத்தாம் தேதி சாயங்காலம் வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டார். பையன் ஒன்பதாம் தேதியே வந்து இறங்கிவிடுவான் என்று அவரை நம்ப வைக்க நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

1. கிளம்பும் நேரத்தைப் பொது நேரத்துக்கு மாற்றுங்கள்

உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு கடிகாரம் இருக்கிறது. அதன் பெயர் யூடிசி. திரையில் UTC என்று பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு ஊரின் நேரமும் இதற்கு எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே என்றுதான் குறிக்கப்படுகிறது. சென்னை ஐந்தரை மணி நேரம் முன்னே, டோக்கியோ 9 மணி நேரம் முன்னே. லாஸ் ஏஞ்சல்ஸ் குளிர்காலத்தில் 8 மணி நேரம் பின்னே.

முன்னே இருக்கும் ஊரின் நேரத்திலிருந்து கழிக்க வேண்டும், பின்னே இருக்கும் ஊரின் நேரத்தோடு கூட்ட வேண்டும். அப்போது பொது நேரம் கிடைக்கும். டோக்கியோவில் 10ஆம் தேதி 00:05. இதில் 9 மணி நேரம் கழித்தால் நள்ளிரவைத் தாண்டிப் பின்னால் போகிறோம், எனவே தேதியும் ஒன்று குறையும். 9ஆம் தேதி 15:05.

தேதியை ஒவ்வொரு வரியிலும் நேரத்தோடு சேர்த்தே எழுதுங்கள். நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டு போய், தேதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அங்கேதான் சறுக்கும்.

2. சேரும் நேரத்தையும் அப்படியே மாற்றுங்கள்

லாஸ் ஏஞ்சல்ஸில் 9ஆம் தேதி 17:05. அதோடு 8 மணி நேரம் கூட்டினால் 25:05, அதாவது 10ஆம் தேதி 01:05.

3. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்

```
கிளம்புவது   10 ஜன 00:05  - 9 மணி  =  9 ஜன 15:05 UTC
சேருவது       9 ஜன 17:05  + 8 மணி  = 10 ஜன 01:05 UTC
பயண நேரம்                          = 10 மணி 00 நிமிடம்
```

இந்தப் பத்து மணி நேரம் நம்பும்படி இருக்கிறதா? டோக்கியோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் நடுவே சுமார் 8,800 கிலோமீட்டர். பெரிய பயணிகள் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். டிக்கெட்டில் உள்ள நேரம் வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிட்டது என்பதால் ஓடுதளத்தில் ஊர்ந்து போகிற நேரமும் அதற்குள் அடங்கும். ஆனால் கிழக்கே போகும்போது மேலடுக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும். ஆக, பத்து மணி நேரம் சரிதான்.

இந்த மூன்றாவது படிதான் உண்மையான சோதனை. முதல் இரண்டில் எங்காவது தவறு செய்திருந்தால் அது இங்கே அகப்பட்டுவிடும். எவ்வளவு மணி நேரம் பிசகுகிறது என்பதை வைத்தே தவறு எங்கே என்றும் சொல்லிவிடலாம். அண்ணன் நினைத்தபடி 10ஆம் தேதி 17:05 என்று வைத்துப் பாருங்கள், பயணம் 34 மணி நேரம் என்று வரும். சரியாக 24 மணி நேரம் கூடுதல், எனவே தப்பு தேதியில். கூட்டுவதற்குப் பதில் கழித்துவிட்டீர்களா? விமானம் கிளம்புவதற்கு 6 மணி நேரம் முன்னாலேயே இறங்கிவிடும்! இந்திய நகரங்களின் கணக்கில் அரை மணி நேரம் இடித்தால், ஐந்தரையை ஐந்து என்றோ ஆறு என்றோ எடுத்திருப்பீர்கள்.

பசிபிக் கடலைத் தாண்டும்போது பலர் இன்னொரு காரியமும் செய்வார்கள். டோக்கியோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் 17 மணி நேர வித்தியாசத்தைக் கழித்துவிட்டு, "தேதிக் கோட்டையும் தாண்டுகிறோமே" என்று அதற்காக இன்னொரு நாளையும் கழிப்பார்கள். வேண்டாம். தேதி மாறுவதாகக் கடல் நடுவே வகுத்திருக்கும் அந்தக் கோடு 17 மணி நேரத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. பொது நேரத்துக்கு மாற்றிவிட்டால் அந்தக் கோட்டை நினைக்கவே வேண்டியதில்லை.

4. பயணத் தேதியில் எந்த நேரம் நடப்பில் இருக்கும்?

அப்புறம், ஒரு மணி நேரப் பிசகு. இது வந்தால் முதலில் கோடைக்கால நேரத்தைச் சந்தேகப்படுங்கள். 2026இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கடிகாரங்கள் மார்ச் 8ஆம் தேதி ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படுகின்றன. அன்றிலிருந்து அந்த ஊர் 7 மணி நேரம்தான் பின்னே. ஜப்பானில் இந்த மாற்றம் கிடையாது. அதனால் அதே பத்து மணி நேர விமானம் மார்ச் 14 அன்று 00:05க்குக் கிளம்பினால், மார்ச் 13 மாலை 18:05க்குப் போய்ச் சேரும். பழைய 8ஐயே வைத்துக் கணக்குப் போட்டால் பயணம் 11 மணி நேரமாகத் தெரியும்.

ஜனவரியில் உட்கார்ந்து மார்ச் டிக்கெட்டைச் சரிபார்க்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். தேடினால் கிடைக்கும் "இப்போதைய நேரம்" அன்றைய தேதிக்கு உரியது. உங்களுக்கு வேண்டியது பயணத் தேதியில் அந்த ஊரின் நேரம். ஊர்ப் பெயரையும் தேதியையும் சேர்த்துக் கேட்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். மூன்றெழுத்துச் சுருக்கங்களை நம்பாதீர்கள். IST என்பது இந்தியாவுக்கும் உண்டு, இஸ்ரேலுக்கும் உண்டு, கோடையில் அயர்லாந்துக்கும் உண்டு.

5. நள்ளிரவை ஒட்டிய நேரத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்

கணக்கு சரியாக வந்த பிறகும் ஒரு குழி மிச்சம் இருக்கிறது. 10ஆம் தேதி 00:05 என்றால், நம் பேச்சுவழக்கில் அது ஒன்பதாம் தேதி ராத்திரி. சனிக்கிழமை டிக்கெட்தான், ஆனால் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டை முடித்த கையோடு ஹனேடாவுக்குப் போய்விட வேண்டும். சனிக்கிழமை இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் பறந்து ஒரு நாள் ஆகியிருக்கும். "வெள்ளி ராத்திரி டோக்கியோவில் ஏறி, வெள்ளி சாயங்காலம் லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்குகிறேன்" என்று அத்தை மகனைக் கிழமையோடு சொல்லச் சொன்னேன். அண்ணனுக்கும் அப்போதுதான் விளங்கியது.

திரும்பி வரும்போது

இதே முறைதான், திசை மட்டும் மாறும். லாஸ் ஏஞ்சல்ஸில் ஜனவரி 20, 23:00க்கு ஏறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். டோக்கியோவில் 04:00, பக்கத்தில் "+2".

```
கிளம்புவது   20 ஜன 23:00  + 8 மணி  = 21 ஜன 07:00 UTC
சேருவது      22 ஜன 04:00  - 9 மணி  = 21 ஜன 19:00 UTC
பயண நேரம்                          = 12 மணி 00 நிமிடம்
```

போகும்போது தள்ளிவிட்ட காற்று இப்போது எதிரே அடிக்கிறது, எனவே இரண்டு மணி நேரம் கூடுவது நியாயம்தான். "+2" சரி. இறங்கியவுடன் ஹோட்டலில் படுக்க வேண்டுமென்றால் அறையை 21ஆம் தேதி இரவிலிருந்தே போட வேண்டும். 22 என்று போட்டால் விடியற்காலை நாலு மணிக்கு வந்து, மதியம் சாவி கொடுக்கும்வரை வரவேற்பறை நாற்காலிதான்.

நடுவில் வேறு ஊரில் விமானம் மாறினால், ஒவ்வொரு பறப்பையும் தனித்தனியாக இப்படிப் போடுங்கள். டிக்கெட்டின் மேலே காட்டும் மொத்த நேரத்தில் காத்திருப்பும் சேர்ந்திருக்கும். அதைப் பறக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் சரியான கணக்கும் தப்பாகத் தெரியும்.