எதிர்பார்ப்பு இல்லாத அணைப்பு

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு, என் கணவர் தோளில் கை வைத்தாலே என் உடல் விலகியது. அன்பு குறைந்ததால் அல்ல. பகல் முழுவதும் ஒரு பிள்ளை மார்பிலும் மற்றொன்று காலிலும் ஒட்டிக்கொண்டிருக்க, மாலையில் வரும் கையும் ஏதோ கேட்கும் கையாகவே தோன்றியது. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் தாம்பத்திய விருப்பம் தணிவதும் இயல்பு. அவரோ மறுப்புக்கு அஞ்சித் தொடுவதையே விட்டுவிட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

"என்னங்க, கொஞ்ச நாளைக்கு அணைப்பு அணைப்போடு நிற்கட்டும்" என்றேன். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் 1970இல் விளக்கிய பாலியல் சிகிச்சைமுறையின் அடிப்படையும் இதுவே.

ஆனால் முதலில் எனக்குத் தனிமை தேவைப்பட்டது. வேலை முடிந்து செங்காங் வீட்டுக்கு வந்ததும், பிள்ளைகளைப் புளோக்கின் கீழுள்ள விளையாட்டுத் திடலுக்கு அவர் அழைத்துச் செல்வார். அந்த அரைமணி நேரம் யாரும் என்னைத் தொடமாட்டார்கள். பிள்ளைகள் உறங்கியபின் சோபாவில் அமர்ந்து என் பாதங்களைப் பிடித்துவிடுவார். பால்மாவு, கட்டணம் பற்றிய பேச்சு கிடையாது. தொடக்கத்தில் உடல் இறுகியே இருந்தது. "போதும்" என்றால் முகம் சுளிக்காமல் கையை எடுத்துவிடுவார். அப்படி எடுத்துவிடுவார் என்று உறுதியான பிறகே, நானாக அவர் தோளில் சாயத் தொடங்கினேன். மற்ற நெருக்கம் அதன்பின் மெல்லத் திரும்பியது.

உடலுறவில் வலி இருந்தாலோ, மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ இது மட்டும் போதாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.